நிஃப்டி 80 புள்ளி ஏறியும் என் கால் ஆப்ஷன் ஏன் நகரவில்லை?

"செவ்வாய்க்கிழமை மதியம் நிஃப்டி 25,000-ல் இருந்தபோது, அடுத்த செவ்வாய் முடியும் 25,300 கால் ஆப்ஷனை 66 ரூபாய்க்கு இரண்டு லாட் வாங்கினேன். அப்போது ஒரு லாட் 75. டெல்டா 0.26 என்று ஆப் காட்டியது, ஐவி 12. புதன் மதியம் நிஃப்டி 25,080. கணக்குப்படி 21 ரூபாய் கூடியிருக்க வேண்டும். ஆனால் விலை அதே 66! ஐவி மட்டும் 11 ஆகியிருந்தது. நான் போன ஒரு வகுப்பில், டெல்டா 0.26 என்றால் லாபம் வர 26 சதவீத வாய்ப்பு என்றார்கள். ஒரே எண்ணுக்கு எப்படி இரண்டு அர்த்தம்? இதில் எதை நம்புவது? இந்த ஆப்ஷனை இன்னும் வைத்திருக்கலாமா?"
— வாசகர், திருமங்கலம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆப் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நீங்கள் போட்ட பெருக்கலும் சரி. ஆனால் அந்த ஒரு நாளில் உங்கள் ஆப்ஷனுக்கு மூன்று காரியங்கள் நடந்தன. டெல்டா அதில் ஒன்றுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

நீங்கள் கொடுத்த எண்களை அப்படியே கணக்கில் போட்டுப் பார்த்தேன். நாளும், மார்க்கெட் எதிர்பார்க்கிற ஆட்டத்தின் அளவான ஐவியும் மாறாமல், நிஃப்டி மட்டும் 25,000-லிருந்து 25,080-க்குப் போயிருந்தால் விலை 66-லிருந்து 89 ஆகியிருக்கும். நீங்கள் எதிர்பார்த்த 21 ரூபாயைவிட இரண்டு ரூபாய் அதிகம். ஏனென்றால் நிஃப்டி ஏற ஏற டெல்டாவும் 0.26-லிருந்து 0.33 வரை கூடுகிறது. அந்தக் கூடுதலுக்குக் கிடைத்த காசு அது. சரி, இப்போது ஒரு நாளைக் கழியுங்கள். ஏழு நாள் இருந்த ஆப்ஷனுக்கு ஆறு நாள்தான் மிச்சம். விலை 89-லிருந்து 77-க்கு இறங்குகிறது. பிறகு ஐவியை 12-லிருந்து 11 ஆக்குங்கள். 77 என்பது 66 ஆகிறது. ஏற்றம் கொடுத்த 23 ரூபாயில் 12-ஐ நாள் தின்றது, 11-ஐ ஐவி தின்றது. உங்கள் கையில் வாங்கிய விலையே நிற்கிறது.

ஆக, டெல்டாவின் முதல் அர்த்தம் இவ்வளவுதான்: மற்றதெல்லாம் இந்த நொடியில் இருக்கிறபடியே இருக்க, நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எத்தனை ரூபாய் நகரும் என்பது. உங்கள் இரண்டு லாட் 150 என்றால், 150 × 0.26 = 39. நிஃப்டியின் ஒவ்வொரு புள்ளிக்கும் உங்கள் கணக்கில் சுமார் 39 ரூபாய் ஏறி இறங்கும். காலை பத்து மணிக்கும் பத்தரைக்கும் நடுவே இது நன்றாக ஒத்துப்போகும். ஒரு நாள் முழுக்கக் கடந்த பிறகு இதை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏமாற்றம்தான் வரும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: ஒரே எண்ணுக்கு ஏன் இரண்டு அர்த்தம்? இதை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

தை முகூர்த்தத்துக்கு மல்லிகைப்பூ தேவைப்படுகிற ஒரு பந்தல்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனி விழுந்தால் வரத்து குறையும், விலை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு வியாபாரியிடம், "அன்றைக்கு கிலோ 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளும் உரிமையை எனக்குக் கொடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்" என்று கிலோவுக்கு ஒரு தொகையை முன்னாடியே கட்டுகிறார். அது திரும்பி வராத பணம். இதுதான் கால் ஆப்ஷன். இன்றைய விலை 700 ரூபாய். இப்போது அந்த உரிமைச் சீட்டை இன்னொருவருக்கு விற்றால் என்ன கிடைக்கும்? அது முகூர்த்தத்தன்று விலை எங்கே நிற்கும் என்பதைப் பொறுத்தது. அன்றைக்கு 1,400-க்கு விற்றால் சீட்டின் மதிப்பு 400. 900-க்கு விற்றால் சீட்டு வெறும் காகிதம்.

வரப்போகும் அந்த ஒரு நாளை நூறு விதமாக மனதில் ஓட்டிப் பாருங்கள். அதில் 26 விதங்களில் விலை 1,000-க்கு மேலே முடிகிறது, 74 விதங்களில் கீழே முடிகிறது. இப்போது இன்றைய விலை ஒரு ரூபாய் கூடுகிறது, அதனால் நூறு முடிவுகளும் ஒரு ரூபாய் மேலே தள்ளிப்போகின்றன என்று வைப்போம். மேலே முடிந்த 26 விதங்களில் சீட்டுக்காரருக்கு ஒரு ரூபாய் கூடுதல். கீழே முடிந்த 74-ல் 900 என்பது 901 ஆனதால் அவருக்கு என்ன வந்தது? ஒன்றும் இல்லை. நூறு விதத்துக்கும் சேர்த்து 26 ரூபாய். சராசரி 26 பைசா. அதனால் இன்றைக்குச் சீட்டின் விலை 26 பைசா கூடுகிறது.

வாய்ப்பு நூற்றுக்கு 26. விலை நகர்வு ரூபாய்க்கு 26 பைசா. இரண்டும் ஒரே எண்ணாக வருவதற்குக் காரணம் இதுதான். ஏற்றம் எந்த முடிவுகளில் பயன் தருமோ அந்த முடிவுகளைத்தான் டெல்டா எண்ணுகிறது. பூவுக்கு 1,000 ரூபாய் மாதிரி முன்பே பேசி வைத்த விலைதான் ஸ்ட்ரைக். அது எட்டாத தூரத்தில் இருந்தால் பயன் தரும் முடிவுகள் சொற்பம், டெல்டா பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இன்றைய விலை ஸ்ட்ரைக்கைவிட வெகு மேலே இருந்தால் ஏறக்குறைய எல்லா முடிவுகளும் பயன் தரும், டெல்டா ஒன்றை ஒட்டும். விற்கும் உரிமையான புட் ஆப்ஷனுக்கு இதே கணக்கு கீழ்ப்பக்கமாக. அதனால் கழித்தல் குறியோடு வரும்.

இந்த விளக்கத்தில் ஒரு இடத்தைச் சுலபமாக்கிவிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டெல்டாவை "தோராயமான" வாய்ப்பு என்று சொல்வதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. இன்று ஒரு ரூபாய் கூடினால் எல்லா முடிவுகளும் சரியாக ஒரு ரூபாய் கூடாது. விலைகள் விகிதத்தில் நகரும். 700 ரூபாய்ப் பூ 1,400 ஆகிற விதத்தில், 701 ரூபாய்ப் பூ 1,402 ஆகும். மேலே முடிகிற விதங்களில் கூடுவது ஒரு ரூபாயைவிட அதிகம். அதனால் கால் ஆப்ஷனின் டெல்டா எப்போதும் உண்மையான வாய்ப்பு எண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். 1973-ல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் இவை இரண்டும் தனித்தனி எண்கள்: டெல்டா N(d1), ஸ்ட்ரைக்கைத் தாண்டி முடிகிற வாய்ப்பு N(d2).

உங்கள் ஆப்ஷனில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. டெல்டா 0.263, வாய்ப்பு 0.257. ஒரு வாரத்தில் நிஃப்டி இரண்டு மடங்கு ஆகப்போவதில்லையே. ஆனால் ஐவி 50 காட்டுகிற ஒரு பங்கில், மூன்று மாதம் மிச்சம் உள்ள, இன்றைய விலையிலேயே ஸ்ட்ரைக் உள்ள காலை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டா சுமார் 0.58 வரும். வாய்ப்போ 0.48-தான். டெல்டாவை மட்டும் பார்ப்பவர் பாதிக்கு மேல் வாய்ப்பு என்று நினைப்பார். கணக்கு பாதிக்குக் கீழே என்கிறது. என் பழக்கத்தைச் சொல்கிறேன்: ஒரு மாதத்துக்குள் முடியும் நிஃப்டி ஆப்ஷனுக்கு டெல்டாவை வாய்ப்பாகத் தாராளமாக எடுத்துக்கொள்வேன். ஆட்டம் அதிகமுள்ள பங்கு, நீண்ட தவணை என்றால் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, உங்கள் வகுப்பில் சொன்ன வாக்கியத்தைத் திருத்த வேண்டும். 26 சதவீதம் என்பது ஆப்ஷன் முடியும் எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 25,300-க்கு மேலே முடிகிற வாய்ப்பு. அது லாபத்துக்கான வாய்ப்பு கிடையாது. நீங்கள் 66 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். நிஃப்டி 25,320-ல் முடிந்தால் ஆப்ஷன் 20 ரூபாய் பெறும், உங்களுக்கு 46 ரூபாய் நஷ்டம். கடைசி வரை வைத்திருந்தால் 25,366-ஐத் தாண்டினால்தான் லாபம் தொடங்கும், தரகும் வரியும் தனி. அதே ஐவியில் அந்த வாய்ப்பைக் கணக்குப் பார்த்தால் சுமார் 21 சதவீதம். ஐந்தில் ஒன்று.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வாரத்தில் ஏதோ ஒரு தருணத்தில் நிஃப்டி 25,300-ஐத் தொட்டுவிட்டுப் போகிற வாய்ப்பு, அங்கே முடிகிற வாய்ப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்ட்ரைக்கைத் தொட்ட பிறகு அங்கிருந்து மேலே போவதும் கீழே போவதும் கிட்டத்தட்டச் சரிபாதி என்பதால் இப்படி வருகிறது. உங்களுடையதில் அது பாதிக்குப் பாதி. அதனால்தான் "வியாழக்கிழமை தொட்டுச்சே, செவ்வாய்க்கிழமை ஒண்ணுமே இல்லையே" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அதில் சதி எதுவும் இல்லை. டெல்டா சொன்னது முடிவைப் பற்றி. நாம் பார்த்தது வழியை.

இந்த வாய்ப்பு எண்ணை ஆப் சொல்வதால் மட்டும் நம்பாதீர்கள். நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, சூத்திரம் எதுவும் வேண்டாம். என்எஸ்இ தளத்தின் ஆப்ஷன் செயினில் டெல்டா இருக்காது, ஐவியும் விலையும் இருக்கும். விலை போதும். நீங்கள் வாங்கிய நேரத்தில் 25,300 கால் 66 ரூபாய், அடுத்த ஸ்ட்ரைக்கான 25,350 கால் 54 ரூபாய் அளவில் இருந்திருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 12 ரூபாய். ஸ்ட்ரைக் இடைவெளி 50. பன்னிரண்டை ஐம்பதால் வகுத்தால் 0.24. ஒன்றை வாங்கி மற்றதை விற்பவர் 12 ரூபாய் கட்டுகிறார். நிஃப்டி 25,350-ஐத் தாண்டினால் 50 ரூபாய் வரும், 25,300-க்குக் கீழே இருந்தால் எதுவும் வராது. ஐம்பது ரூபாய்ப் பரிசுக்கு மார்க்கெட் 12 ரூபாய்தான் தருகிறது என்றால், அது நினைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு 24. நடுப்புள்ளியான 25,325-க்கு மேலே முடிகிற வாய்ப்பு என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆப் காட்டிய 0.26 இதற்கு மேல் ஒட்டியே இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது. கடைசியாக வியாபாரமான விலையை எடுக்காதீர்கள். கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவில் உள்ளதை எடுங்கள். வியாபாரம் குறைந்த ஸ்ட்ரைக்கில் பத்து நிமிடப் பழைய விலை நின்றுகொண்டிருக்கும், அதை வைத்து வகுத்தால் விடை கோணலாக வரும்.

இந்தக் கணக்கைச் செய்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். இந்த வாய்ப்பு ஆப்ஷன் விலையிலிருந்து பிழிந்து எடுக்கப்பட்டது. வானிலை அறிக்கை மாதிரி யாரோ தனியாகக் கணித்துச் சொன்னது இல்லை. விலை மாறினால் அதுவும் மாறும். உங்கள் 25,300 காலில் ஐவி 12-க்குப் பதில் 18 என்று போட்டால் டெல்டா 0.34 ஆகிறது. நிஃப்டி ஒரு புள்ளிகூட நகரவில்லை, நாளும் மாறவில்லை. பயம் கூடியதும் ஆட்டம் பெரிதாக இருக்கும் என்று மார்க்கெட் எதிர்பார்க்கிறது, அதனால் தூரத்து ஸ்ட்ரைக்குகளும் கைக்கு எட்டுவதுபோல் தோன்றுகின்றன. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில் நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. மறுநாள் 3 சதவீதத்துக்கு மேல் மீண்டது. மீண்ட அந்த ஒரே நாளில், மார்க்கெட் எதிர்பார்க்கிற ஆட்டத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் நாலில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. முந்தைய நாளின் பதற்றமான விலையில் தூரத்துக் கால்களை வாங்கி, டெல்டாவைப் பெருக்கி லாபக் கணக்குப் போட்டவர்களுக்கு, உங்களுக்கு புதன்கிழமை நடந்ததே பெரிய அளவில் நடந்திருக்கும். நிகழ்ச்சி நாளுக்கு முன்பு டெல்டாவைப் பார்த்தால் பக்கத்திலேயே ஐவியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐவி இல்லாத டெல்டா பாதித் தகவல்.

வாய்ப்பு எண் அளவைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். நான் ஒரு தரகு நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார், நல்ல மனிதர். மாதாமாதம் டெல்டா 0.05 உள்ள புட்டுகளை விற்பார். நூற்றில் 95 தடவை ஜெயிப்பேன் என்பார், அது உண்மையும்கூட. பல மாதங்கள் அப்படியே நடந்தது. 2020 மார்ச்சில் மார்க்கெட் சரிய ஆரம்பித்தபோது அவருடைய 0.05 என்பது 0.30, 0.60 என்று ஒவ்வொரு நாளும் வளர்வதை என் திரையில் பார்த்தேன். இரண்டு முறை தொலைபேசியில் சொன்னேன். "எக்ஸ்பைரிக்குள் திரும்பிவிடும்" என்றார். மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி 13 சதவீதம் விழுந்தது. அவர் சேர்த்ததெல்லாம் போய், கைக்காசும் போனது. விற்ற அன்று 0.05 என்பது தப்பான எண் இல்லை. நூற்றில் மிச்சமிருக்கும் அந்த ஐந்து தடவையில் ஒன்று வந்தால் எவ்வளவு போகும் என்பதை அவர் எங்குமே எழுதிவைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

எக்ஸ்பைரி நாளில் இந்த எண் இன்னும் வேகமாக ஓடும். கடைசி ஒரு மணி நேரத்தில் நிஃப்டி 25,230-ல் இருந்தால் உங்கள் காலின் டெல்டா 0.2-க்குக் கீழே, 25,350-க்குப் போனால் 0.7-க்கு மேலே. 120 புள்ளிக்குள் இவ்வளவு மாற்றம். காலையில் பார்த்த டெல்டாவை வைத்து மதியம் முடிவெடுக்கவே கூடாத நாள் அது.

சரி, வைத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். வாங்கு, விற்று விடு என்று உங்கள் நிலவரம் தெரியாமல் சொல்ல மாட்டேன். ஆனால் முடிவெடுக்கத் தேவையான கணக்கைத் தர முடியும். புதன் மதிய நிலவரப்படி உங்கள் காலின் டெல்டா 0.30. ஒரு நாள் கழிந்தால் சுமார் 11 ரூபாய் குறையும். பதினொன்றை 0.30-ஆல் வகுத்தால் 37. ஐவி இதற்கு மேல் இறங்காமல் இருந்தால்கூட, விலை 66-லேயே நிற்பதற்கு நிஃப்டி நாளொன்றுக்கு 35 முதல் 40 புள்ளி ஏற வேண்டும். சனி, ஞாயிறும் நாள் கணக்கில் சேரும். அப்படி ஏறும் என்று நினைக்க உங்களிடம் காரணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே செவ்வாய் மதியம் 25,000 காலை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டுப் பார்த்தேன். விலை 182, டெல்டா 0.53. அதே 80 புள்ளி ஏற்றம், அதே ஒரு நாள், அதே ஐவி இறக்கம். புதன் மதியம் 201 ஆகியிருக்கும். ஒரு லாட்டுக்கு 13,650 ரூபாய் போட்டு 1,425 ரூபாய் கூடுதல். நீங்கள் இரண்டு லாட்டுக்குப் போட்டது 9,900 ரூபாய், கூடியது ஒன்றுமில்லை. இரண்டு பேரின் கணிப்பும் ஒன்றுதான், நிஃப்டி ஏறும் என்பது. இரண்டு பேரின் டெல்டாக் கணக்கும் புள்ளிக்கு 39, 40 ரூபாய் என்று ஒன்றுபோலவே இருந்தது. 182 ரூபாய்க்காரரின் பணத்தில் நாளும் ஐவியும் தின்ற பங்கு குறைவு. புதன் மதியம் அவருடைய 201-ல் 80 ரூபாய், நிஃப்டி ஸ்ட்ரைக்கைத் தாண்டியதால் வந்த சொந்த மதிப்பு. உங்களுடையதில் 66 ரூபாயும் நாளையும் ஐவியையும் நம்பியே இருந்தது, ஏனென்றால் நிஃப்டி இன்னும் 25,300-ஐ எட்டவில்லை. ஆனால் நிஃப்டி அன்றைக்கு 300 புள்ளி இறங்கியிருந்தால் அவர் உங்களைவிட அதிகப் பணத்தை இழந்திருப்பார், அதையும் சேர்த்தே எடை போடுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆப்ஷன் செயினைத் திறந்து 25,300, 25,350 இரண்டின் விலையையும் குறித்து, வித்தியாசத்தை ஐம்பதால் வகுத்துப் பாருங்கள். விடை 0.15-க்குக் கீழே வந்தால், நடுப்புள்ளியான 25,325-க்கு மேலே முடிவதற்கு மார்க்கெட் தருகிற இடம் சுமார் ஏழில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. திங்கட்கிழமைக்குள் இன்னும் மூன்று நாள் கழியும் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.